கழுவிய பாட்டில் பையில் எறும்பு: பி பிளாக் குழுவில் பேசியது

*ஞாயிறு*

சுமதி 3பி, இரவு 8.12
வணக்கம். மக்காத குப்பை வாங்க புதன்கிழமைதான் வருகிறார்கள். அதுவரை பாட்டில், டின், பால் கவர் எல்லாவற்றையும் கழுவித்தான் பையில் போட்டு பால்கனியில் வைக்கிறேன். ஆனாலும் பை முழுக்கச் சித்தெறும்பு. நேற்று ராத்திரி இரண்டு கரப்பானும் பார்த்தேன். கழுவியும் ஏன் வருகிறது?

ரமேஷ் 1ஏ, 8.15
வெந்நீரில் கழுவுங்க மேடம். பையைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டால் முடிந்தது.

கோமதி மாமி, 8.17
சுமதி, காய்கறித் தோலை அன்றன்றைக்கே கொடுத்துடணும்மா. ராத்திரி தங்கவே விடாதே.

சுமதி 3பி, 8.18
அது தினமும் போய்விடுகிறது மாமி. நான் கேட்பது பாட்டில் பை.

அன்வர் 2சி, 8.24
பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றையும் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். அரைமணி கழித்து எறும்பு எதில் மொய்க்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றிலும் இருக்காது. பன்னிரண்டு வருஷம் பூச்சி மருந்து அடிக்கும் வேலையில் இருந்தபோது முதலில் இதைத்தான் செய்வோம்.

சுமதி 3பி, 9.05
நாலு பொருளில்தான் இருக்கிறது அண்ணா. மாம்பழ ஜூஸ் பாட்டில், கண்டென்ஸ்டு மில்க் டின், இரண்டு பால் கவர். ஜூஸ் பாட்டிலுக்குள்ளே ஒன்றுகூட இல்லை. கழுத்தில் மாட்டியிருக்கிற பிளாஸ்டிக் வளையத்துக்கு அடியில் வரிசையாக நிற்கிறது!

அன்வர் 2சி, 9.11
அங்கேதான் இருக்கும். ஊற்றும்போது வழிந்த ஜூஸ் மரையிலும் வளையத்துக்கு அடியிலும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. உள்ளே தண்ணீர் விட்டுக் குலுக்கினால் அது போகாது. மூடியைக் கழற்றி, பழைய டூத் பிரஷால் கழுத்தைச் சுற்றித் தேயுங்கள். டின்னில் விளிம்பு மடிப்பைத் தேய்க்கணும். பால் கவரை ஓரமாக வெட்டி விரித்துக் கழுவுங்கள். ஆனால் முனையைத் தனித் துண்டாக வெட்டிப் போடாதீர்கள், அவ்வளவு சின்னத் துண்டைப் பிரிப்பவர்களால் பொறுக்க முடியாது.

அப்புறம் ஈரம். கழுவின கையோடு மூடி போட்டால் உள்ளே தண்ணீர் நிற்கும். கரப்பான் பசியைத் தாங்கும் அளவுக்குத் தாகத்தைத் தாங்காது. ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைத்து, காய்ந்த பிறகு பையில் போடுங்கள்.

ரமேஷ் 1ஏ, 9.14
அப்போ சாக்பீஸ், வெந்நீர் எதுவும் வேண்டாமா?

அன்வர் 2சி, 9.19
வெந்நீர் எண்ணெய் டின்னுக்கு நல்லது. அதற்கு முன்னால் பழைய பேப்பரால் துடைத்துவிடணும். ஜூஸ் பாட்டிலில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பாட்டில் சுருங்கிவிடும். சாக்பீஸில் இருப்பது பூச்சிமருந்து. பையில் ஒட்டினால் நாளைக்கு அதைத் தொடுபவர் கையில் படும், பூனைக்கும் ஆகாது. எறும்பு வந்த வழியைச் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடையுங்கள். அதன் வாசனைத் தடம் அழிந்தால் பின்னால் வருவதற்கு வழி தெரியாது.

ரமேஷ் 1ஏ, 9.20
நாங்கள் வருஷக்கணக்காகப் போடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை.

கோமதி மாமி, 9.26
எங்க அம்மா சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பாள். பையை வாளியில் போட்டு அதே மாதிரி வையேன்.

அன்வர் 2சி, 9.30
நல்ல வழி மாமி. தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விடணும். இல்லாவிட்டால் மேலே தூசி படிந்ததும் சித்தெறும்பு அதன்மேல் நடந்தே போய்விடும். வாளி சுவரில் சாயக் கூடாது. கொசு முட்டையிடும், அதனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை தட்டைத் தேய்த்துத் தண்ணீரை மாற்றணும். ஆனால் இது கரப்பானைத் தடுக்காது.

கார்த்திக் 4டி, 9.41
எங்கள் வீட்டில் பாட்டிலே சேராது, ஆர்டர் வருகிற அட்டைப் பெட்டிதான். அதிலேயும் கரப்பான் வருகிறதே?

அன்வர் 2சி, 9.47
அட்டைக்கு நடுவில் நெளிநெளியாக இருக்கிறதே, அந்த இடுக்கு அதற்கு வீடு. ஒட்டியிருக்கும் பசையையும் தின்னும். மடிப்பைப் பிரித்துப் பாருங்கள், காராமணி மாதிரி கரும்பழுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது முட்டைக்கூடு, நசுக்கிவிடுங்கள். பெட்டியை வந்த அன்றைக்கே பிரித்துத் தட்டையாகக் கட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பாட்டில் பையோடு சேர்க்க வேண்டாம்.

*செவ்வாய்*

சுமதி 3பி, இரவு 9.02
அண்ணா, இரண்டு நாளாகப் பையில் ஒரு எறும்புகூட இல்லை. வளையத்தைத்தான் நன்றாகத் தேய்த்தேன். ஆனால் பெரிய கரப்பான் ஒன்று இன்றைக்கும் வந்தது. பை பக்கமே போகவில்லை, வாஷிங் மெஷின் தண்ணீர் போகிற ஓட்டையிலிருந்து ஏறி வந்தது.

அன்வர் 2சி, 9.08
அது சாக்கடைக் கரப்பான், உங்கள் பாட்டிலைத் தேடி வந்ததில்லை. ஓட்டைக்கு ஜல்லடை மூடி போட்டு ராத்திரி அடைத்து வையுங்கள். அந்தக் குழாய் எல்லா மாடிக்கும் ஒன்றுதான், ஒரு வீட்டில் மட்டும் அடைத்தால் எவ்வளவு குறையும் என்று சொல்ல முடியாது.

கார்த்திக் 4டி, 9.10
எங்கள் பால்கனியிலும் அதே ஓட்டைதான். மூடி என்ன சைஸ் வாங்கணும்?