வேலைவாய்ப்புப் பக்கத்தில் ‘ஸ்கிரீனிங்’: தமிழில் என்ன போடுவது?

மலர்விழி:

அனைவருக்கும் வணக்கம். ஆட்கள் பெருகிவரும் ஒரு நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பணி அறிவிப்புகளும் விண்ணப்பப் படிவமும் முடிந்துவிட்டன. ஆள்சேர்ப்புப் படிகளைக் காட்டும் பட்டையில்தான் மாட்டிக்கொண்டேன்.

விண்ணப்பம் வந்ததும் குழுவில் ஒருவர் அதைப் படிப்பார். கட்டாயம் என்று அறிவிப்பில் போட்ட தகுதிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். அப்புறம், அரை மணி நேரம் தொலைபேசியில் பேச யாரை அழைப்பது என்று முடிவெடுப்பார். ஆங்கிலத்தில் ‘ஸ்கிரீனிங்’ எனப்படும் இந்தக் கட்டத்துக்கு ‘முதற்கட்டத் தேர்வு’ என்று போட்டிருந்தேன். பக்கத்தைச் சோதித்துப் பார்த்த ஒருவர் கேட்ட முதல் கேள்வி, “தேர்வு எங்கே நடக்கும், பாடத்திட்டம் உண்டா?” இன்னொருவர் படிவத்தைப் பாதியிலேயே மூடிவிட்டார். வேறு சொல் சொல்லுங்கள்.

செந்தில்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘வடிகட்டல்’. வேலையும் அதுதானே.

மலர்விழி:

செந்தில், அறிவிப்புப் பட்டியலுக்கு மேலே துறை வாரியாக, இட வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதிக்கு ஏற்கெனவே ‘வடிகட்டு’ என்று பொத்தான் வைத்திருக்கிறேன். ஒரே பக்கத்தில் மேலே வேலைகளை வடிகட்டுகிறோம், கீழே ஆட்களை வடிகட்டுகிறோம் என்று வரும். போதாக்குறைக்கு, ‘வடிகட்டின முட்டாள்’ என்பது எல்லோருக்கும் தெரிந்த வசவு. வேலை கேட்டு வருகிறவரிடம் அந்தச் சொல்லை நீட்ட வேண்டாமே.

இளங்கோவன்:

அன்புடையீர், ‘தேர்வு’ என்ற சொல்லின் மேல் குற்றமில்லை. தேர் என்ற வினைக்கு ஆராய்தல் என்ற பொருள் பழையது. பாண்டியன் அவையில் கண்ணகி ‘தேரா மன்னா’ என்கிறாளே, ஆராயாத மன்னனே என்றுதான் பொருள். ஆராய்ந்தபின் எடுப்பதால் தேர்ந்தெடுத்தல். மாணவரின் அறிவை ஆராய்வதும் தேர்வு, ஆராய்ந்து ஆளை எடுப்பதும் தேர்வு. தெரி, தேர் இரண்டும் ஒரே குடும்பம் என்பதையும் விரிவாகக் காட்டலாம்.

இன்னொன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலத்தது, கி.பி. 921, ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு, வரி கட்டும் நிலம், கல்வி என்று தகுதிகளைச் சொல்லிவிட்டு, யாரெல்லாம் ஆகாது என்பதையும் சொல்லி, அதன் பிறகே குடத்தில் ஓலை இடச் சொல்கிறது. ஆகவே இந்தக் கட்டத்துக்கு ‘ஓலைத்தேர்வு’ எனலாமே!

செந்தில்:

ஐயா, பாடத்திட்டம் கேட்டவருக்குக் கண்ணகியை எப்படி விளக்குவது? இப்போது ஓலையையும் கேட்பார்.

தர்ஷினி:

இலங்கையில் எங்களுக்கு இந்தச் சிக்கல் வராது. எழுதுவது பரீட்சை, ஆளை எடுப்பது தெரிவு. இரண்டும் குழம்பாது. ‘முதற்கட்டத் தெரிவு’ என்று போடுங்கோ. இளங்கோவன் ஐயா சொன்ன அதே குடும்பச் சொல்தானே. அப்படியே ‘காலியிடம்’ என்பதையும் ‘வெற்றிடம்’ என்று மாற்றினால் நல்லது.

மலர்விழி:

தர்ஷினி அக்கா, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பக்கத்தைப் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் அதைத் ‘தேர்வு’ என்பதன் எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள். வெற்றிடம் என்றால் எங்கள் ஊரில் பௌதிகப் பாடம்.

ஜமால்:

படிவத்தைப் பற்றி என் கருத்து. ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம் என்று வைத்திருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். என்னிடம் இருப்பது தலைப்பெழுத்தும் ஒரு பெயரும்தான். ஒரு நிறுவனத்தின் படிவம் ஓரெழுத்துக் குடும்பப்பெயரை ஏற்காததால் என் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டேன். நேர்காணலுக்கு ‘ஜமால் ஜமால்’ என்று அழைப்பு வந்தது.

மலர்விழி:

ஜமால் அண்ணா, கேள்வி அதுவல்ல. ஆனாலும் ‘முழுப்பெயர்’ என்று ஒரே கட்டமாக மாற்றிவிட்டேன், `autocomplete="name"` சேர்த்து.

கதிர்:

தாமதமாக வருகிறேன். பத்து வருடமாகச் செயலிகளுக்கு எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ‘தேர்வு’ இரட்டைப் பொருள் என்பது சிக்கலில் பாதிதான். பட்டையில் இருக்கும் மற்றப் படிகள், விண்ணப்பித்தல், நேர்காணல் எல்லாம் விண்ணப்பதாரர் செய்பவை. இது ஒன்று மட்டும் நாம் செய்வது. பெயர்ச்சொல்லாக வைத்தால் யார் செய்வது என்பது மறைந்துபோகிறது. அதனால்தான் அவர் தன்னைத் தயார்செய்துகொள்ளப் பாடத்திட்டம் கேட்டார். சொல்லை விட்டுவிட்டு வாக்கியமாக எழுதுங்கள்.

```
"screening.upcoming": "விண்ணப்பத்தைப் படிப்போம்",
"screening.current": "விண்ணப்பத்தைப் படிக்கிறோம்",
"screening.done": "விண்ணப்பத்தைப் படித்துவிட்டோம்"
```

காலம் வினையிலேயே இருப்பதால், எந்தப் படியில் நிற்கிறோம் என்பதற்கு நிறத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கும் நிலை காதில் விழும். நடப்புப் படிக்கு `aria-current="step"` போடுவதையும் விட்டுவிடாதீர்கள்.

அடியில் சிறிய எழுத்தில், எத்தனை வேலை நாளில் பதில் வரும் என்று எழுதுங்கள். அந்த நாளைக் குழு காப்பாற்றும் என்றால் மட்டும். காப்பாற்ற முடியாத தேதி, தேதியே இல்லாததைவிட மோசம். ஐந்து நாள் என்று போட்டுவிட்டுத் தவறினால், ஆறாவது நாள் காலை விசாரித்து மடல்கள் வந்து குவியும்.

மலர்விழி:

கதிர், இடம்? பட்டை கிடைமட்டம், ஐந்து படிகள். 360 பிக்சல் அகலக் கைபேசியில் ஒரு படிக்கு 72 பிக்சல்தான். ‘நேர்காணல்’ என்பதே முட்டுகிறது. ‘விண்ணப்பத்தைப்’ என்ற சொல் நடுவில் உடைந்து ‘விண்ணப்ப / த்தைப்’ என்று தொங்குகிறது.

கதிர்:

கைபேசியில் பட்டையை நெடுக்காக, மேலிருந்து கீழாக வையுங்கள். எழுத்தளவைக் குறைத்து அடைக்கப் பார்க்காதீர்கள். கொம்பும் சுழியும் ஒட்டிக்கொண்டு படிக்கவே வராது.

செந்தில்:

எல்லாம் சரி, எந்த விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் என்று குழு பார்க்கும் பலகையில் நெடுவரிசைத் தலைப்புக்கு என்ன செய்வது? அங்கே ‘படிக்கிறோம்’ என்று தலைப்பு வைக்க முடியுமா? மடலின் பொருள் வரியிலும் பெயர்ச்சொல் வேண்டுமே. ‘பரிசீலனை’ என்று போடுங்கள். ‘உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என்றால் புரியாதவர் யாரும் இல்லை.

இளங்கோவன்:

பரிசீலனை வடசொல். ‘விண்ணப்ப ஆய்வு’ இருக்க அது எதற்கு? இப்படி ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துத்தான் இந்த நிலைக்கு வந்தோம்.

கதிர்:

ஐயா, ‘ஆய்வு’ என்றால் ஆராய்ச்சியோ அதிகாரி வந்து சோதனை போடுவதோதான் இன்று முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் உங்கள் கல்வெட்டு வீண்போகவில்லை. ‘கட்டாயம்’ எது, ‘இருந்தால் நல்லது’ எது என்று பணி அறிவிப்பிலேயே பிரித்துச் சொல்லிவிட்டால், பொருந்தாதவர்களில் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். இந்தக் கட்டத்தின் வேலையே பாதியாகும். மலர்விழி, உங்கள் அறிவிப்புகளில் அந்தப் பிரிவு இருக்கிறதா?

மலர்விழி:

இல்லை. பதினாறு தகுதிகள் ஒரே பட்டியலாக இருக்கின்றன. எது கட்டாயம் என்று குழுவிடம் கேட்டிருக்கிறேன், அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

இப்போதைக்கு இப்படி ஒப்படைக்கிறேன்: விண்ணப்பதாரர் பார்க்கும் படிகளில் கதிரின் வாக்கியங்கள், நெடுக்காக. குழுவின் பலகையிலும் மடலின் பொருள் வரியிலும் ‘பரிசீலனை’. நாட்கணக்கு இப்போது இல்லை. உறுதி தர யாரும் முன்வரவில்லை.

தர்ஷினி:

சரி. எங்கள் பக்கத்துக்கு இதே கோப்பைத் தந்தால் நான் ‘தெரிவு’ என்றுதான் மாற்றுவேன், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இளங்கோவன்:

என் மறுப்பைப் பதிவுசெய்க. தேர், தெரி உறவு குறித்துத் தனி மடல் எழுதுகிறேன்.