கலைச்சொல் வேண்டல்: தளத்தின் கமிஷன் பில்லையும் வந்த பணத்தையும் வைத்துப் பார்க்கும் "ரீகன்சிலியேஷன்"

செல்வராசு, சென்னிமலை:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பகுதியில் போர்வை நெய்து ஆன்லைன் தளங்களில் விற்கும் சிறு வியாபாரிகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். தளம் அனுப்பும் கமிஷன் பில்லையும் வங்கிக்கு வரும் தொகையையும் வைத்துக் கணக்குப் பார்ப்பது பற்றிய பகுதியில் நிற்கிறேன். பேஅவுட்டுக்குப் "பட்டுவாடா", டிடக்‌ஷனுக்குப் "பிடித்தம்" என்று எழுதிவிட்டேன். இரண்டும் கூலி கொடுக்கும் நாளில் இங்கே எல்லார் வாயிலும் வருபவை.

ரீகன்சிலியேஷனுக்குத்தான் சொல் அமையவில்லை. பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் "வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்" என்று இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் சரிக்கட்டுவது என்றால் ஆளைச் சரிக்கட்டுவது. கணக்கை எப்படியாவது ஒப்பேற்றச் சொல்கிறேன் என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. வேறு சொல் தாருங்கள்.

கார்த்திக், சென்னை:

செல்வராசு அண்ணா, "சமன்பார்த்தல்" சரியாக வரும். மாத விற்பனையிலிருந்து அந்த மாத கமிஷன் பில்லைக் கழித்தால் வங்கியில் விழுந்த தொகை வர வேண்டும். இரண்டு பக்கமும் சமமா என்பதுதானே கேள்வி? சமமில்லை என்றால் தளம் எங்கோ அதிகம் பிடித்திருக்கிறது.

மீனாட்சி, கரூர்:

கார்த்திக், கழிக்க வேண்டும் என்பது சரி. சமமாக வரும் என்பதுதான் இல்லை. ஒழுங்காக நடக்கும் கணக்கிலும் அந்த இரண்டு பக்கமும் சமமாக வராது. வீட்டு உபயோகத் துணி விற்பவர்கள் சிலருக்கு நான் வரிக்கணக்கு பார்க்கிறேன். அக்டோபர் கடைசியில் விற்ற ஒரே ஒரு போர்வையை எடுத்துக்கொள்வோம். கட்டண விகிதங்கள் உதாரணத்துக்கு வைத்தவை. வரி விகிதங்கள் 2025 அக்டோபரில் இருந்தவை.

விலை 1,050 ரூபாய். அதில் சரக்கின் மதிப்பு 1,000, ஜிஎஸ்டி 50. கமிஷன் 12 சதவீதம் என்றால் 126, நிலைக் கட்டணம் 30, அனுப்பும் கட்டணம் 70. ஆக 226. தளம் நமக்குச் செய்த சேவை என்பதால் இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 40.68. கமிஷன் பில்லில் இருப்பது இந்த 266.68 மட்டும்தான்.

ஆனால் பட்டுவாடாவில் வருவது 783.32 அல்ல, 777.32. நடுவில் போன ஆறு ரூபாய் பில்லில் எங்கும் இருக்காது. ஜிஎஸ்டி சட்டம் 52-ஆம் பிரிவின்படி சரக்கு மதிப்பில் அரை சதவீதம் டிசிஎஸ், அது 5 ரூபாய். 2024 ஜூலை 10-க்கு முன்பு அது ஒரு சதவீதமாக இருந்தது. மீதி ஒரு ரூபாய் வருமான வரி டிடிஎஸ், 0.1 சதவீதம். இரண்டும் தளத்தின் வருமானம் இல்லை. நம் பெயரில் அரசுக்குக் கட்டப்படுவது. டிசிஎஸ்ஸை ஜிஎஸ்டி இணையதளத்தில் "TDS and TCS Credit Received" பகுதியில் நாமே ஏற்றுக்கொண்டால்தான் நம் ரொக்கப் பேரேட்டுக்கு வரும். டிடிஎஸ் வருமான வரித் துறையின் 26AS படிவத்தில் தெரியும்.

அடுத்தது தேதி. கமிஷன் பில் அக்டோபருக்கு உரியது. பணம் வந்தது நவம்பர் முதல் வாரம். அதற்குப் பிறகு வாடிக்கையாளர் போர்வையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த பட்டுவாடாவில் 1,050 பிடிப்பார்கள்; கமிஷன் 126-உம் அதன் வரி 22.68-உம், டிசிஎஸ் 5-உம் திரும்ப வரும். திரும்ப எடுத்து வந்த கட்டணம் 80-உம் அதன் வரி 14.40-உம் போகும். நிகரம் 990.72 கழிவு. இரண்டு பட்டுவாடாவையும் சேர்த்தால் இந்த ஒரு ஆர்டரில் 213.40 கைவிட்டுப் போயிருக்கிறது. அதில் கட்டணங்களின் மேல் நாம் கொடுத்த ஜிஎஸ்டி 32.40 உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பும், ஒரு ரூபாய் டிடிஎஸ்ஸாக நம் பெயரில் இருக்கும். உண்மையான நட்டம் 180.

அக்டோபர் பில்லையும் அக்டோபர் வங்கி வரவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. ஆர்டர் எண்ணைப் பிடித்துக்கொண்டு, அது எந்தெந்தப் பட்டுவாடாவில் வருகிறதோ எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். திரும்பி வந்த ஆர்டரில் கமிஷன் திரும்பவில்லை என்றால் அங்கேதான் பிழை பிடிபடும். அதனால் "சமன்" எனக்கு ஒப்பவில்லை. சமமில்லாததற்குக் காரணம் சொல்வதுதான் இந்த வேலை.

ராஜேஸ்வரி, திண்டுக்கல்:

இது என் பிரச்சினையேதான்! ஊறுகாய் விற்கிறேன். எடை 1.2 கிலோ, ஆனால் 2.4 கிலோவுக்குக் கட்டணம் பிடித்திருக்கிறார்கள். கேட்டால் பதிலே இல்லை. இதற்கு என்ன சொல் போட்டுப் புகார் எழுதுவது?

மீனாட்சி, கரூர்:

ராஜேஸ்வரி அக்கா, உங்கள் பெட்டியின் அளவு 30×20×20 செ.மீ.யா பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள், 2.4 கிலோ வரும். உண்மை எடையைவிட இது கூடினால் இதற்குத்தான் கட்டணம். அப்படியானால் பிடித்தது விதிப்படிதான், சின்னப் பெட்டிக்கு மாறுங்கள். பெட்டி அதைவிடச் சிறியது என்றால் அளவுநாடா வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். புகாருக்குத் தளங்கள் கெடு வைத்திருக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

சிவநேசன், யாழ்ப்பாணம்:

இலங்கையில் பாடசாலைக் கணக்கீட்டில் "வங்கிக் கணக்கிணக்கக் கூற்று" என்றுதான் படித்தோம். கணக்கிணக்கம் என்றால் இரண்டு ஏடுகள் வேறுபட்டிருக்கும், அவற்றை இணங்கச் செய்ய வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. மீனாட்சி சொன்ன வேலைக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கார்த்திக், சென்னை:

வரியும் தேதியும் நடுவே வருவது புரிந்தது. ஆனாலும் மென்பொருளில் பொத்தானில் "கணக்கிணக்கு" என்று எழுதினால் யாருக்குப் புரியும்? "டேலி பண்ணு" என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். "ஒப்புநோக்கு" என்றாவது வைக்கலாம்.

மீனாட்சி, கரூர்:

ஒப்புநோக்குவது முதல் படி. வித்தியாசம் 6 ரூபாய் என்று கண்டுபிடிப்பதோடு அது நின்றுவிடும். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. "டேலி" ஆக வேண்டும் என்பதற்காகவே சிலர் வங்கியில் வந்த 777.32-ஐ விற்பனையாக எழுதிவிடுகிறார்கள். வங்கியோடு அழகாகப் பொருந்தும். ஆனால் தளம் ஜிஎஸ்டி துறைக்குத் தாக்கல் செய்யும் GSTR-8 படிவத்தில் சரக்கு மதிப்பு 1,000 என்று காட்டியிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் நோட்டீஸ் வருவது அங்கேதான். விற்பனை முழுசாக எழுதப்பட வேண்டும், பிடித்தம் தனியாகச் செலவில் வர வேண்டும்.

செல்வராசு, சென்னிமலை:

அனைவருக்கும் நன்றிங்க. கையேட்டில் தலைப்புக்குக் "கணக்கிணக்கம்" எடுத்துக்கொள்கிறேன். உள்ளே "பில்லையும் பட்டுவாடாவையும் இணக்கிப் பார்க்க வேண்டும்" என்று எழுதினால் நெசவாளி வீட்டிலும் படிப்பார்கள். கார்த்திக் தம்பி சொன்ன பொத்தான் விஷயம் எனக்கும் பிடிபடவில்லை, அதைத் தனி இழையில் பேசுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். எல்லாம் பார்த்த பிறகும் காரணம் கிடைக்காமல் நிற்கும் தொகைக்கு என்ன பெயர்? "நிலுவை" என்றால் வர வேண்டிய பணம் என்று ஆகிவிடும். இது வருமா என்றே தெரியாது. எங்கள் கணக்கப்பிள்ளைகள் "தொங்கல்" என்பார்கள். "தொங்கல் 340 ரூபாய், எட்டு ஆர்டர்" என்று எழுதி வைத்துக்கொண்டு தளத்துக்குக் கேள்வி அனுப்பலாம்.

சிவநேசன், யாழ்ப்பாணம்:

தொங்கல் பேச்சுக்கு நல்லது. அச்சில் "இணங்காத் தொகை" என்று வைத்தால் கணக்கிணக்கத்தோடு சேர்ந்து நிற்கும்.

மீனாட்சி, கரூர்:

எனக்குத் தொங்கல்தான் பிடித்திருக்கிறது. ஆனால் பணம் விடுவிக்காமல் தளம் நிறுத்திவைத்திருக்கும் தொகையை அதில் சேர்த்துவிடாதீர்கள். அதற்குக் காரணம் தெரியும், தேதி மட்டும்தான் தெரியாது. "நிறுத்திவைப்பு" என்று அதற்குத் தனிப் பத்தி போடுங்கள்.