ரெக்கமண்டேசன் கேட்டு சேருக்கு எழுதின கடிதம், உங்கட கதை என்ன?

பனங்கொட்டை
லண்டனில ஃபிலிம் மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்ணேக்க நடந்தது, இன்னும் நினைச்சா கூசுது. நான் படிச்சது ஜியோகிரஃபி. சேருக்கு ஒண்டரைப் பக்கத்தில மெயில், சினிமா எண்டா சின்னனில இருந்து உயிர், நீங்கள்தான் வழிகாட்டி எண்டெல்லாம் அளந்து விட்டிட்டு கடைசித் திகதியைப் போட மறந்திட்டன். பதிலே இல்ல. நேர போனன். ஃபோனை என்ர பக்கம் திருப்பிப் பிடிச்சார், என்ர மெயில்தான். "தம்பி, நீர் படம் எடுத்ததை நான் ஒருநாளும் காணேல்ல. இதில நான் எதை எழுதுறது?"

பேந்து ஆறு வரியில எழுதினன். குருநகரில ஆய்வுக்கு 14 பேரைப் பேட்டி எடுத்தது, ஒரு ஐயா வலை பொத்திக்கொண்டு மட்டும்தான் கதைப்பார் எண்டு மூண்டு தரம் போனது, அந்தப் பேட்டியைச் சேர் கிளாஸில போட்டுக் காட்டினது. எல்லாம் அவர் கண்ட விசயம். கோர்ஸ் பேர், திகதி, கடிதம் ஏத்துற லிங்க் அவருக்கு எப்ப வரும் எண்டதும் போட்டன். அண்டிரவே "ஓம், எழுதுறன்" எண்டு வந்தது.

கச்சான்
சினிமா தெரியாதவரிட்ட ஏன் கேட்டனீர்? குறும்படம் எடுக்கிற ஆராவது தந்தாத்தான் எடுபடும்.

மழைக்கோட்டு
கச்சான், அரைவாசிதான் சரி. நீங்கள் சொல்லுற ஆள் ரெண்டாவது ரெஃபரியா வரலாம், அதுவும் கோர்ஸ் விட்டாத்தான். அகடமிக் ரெஃபரன்ஸ் கேட்டா படிப்பிச்ச ஆள்தான் வேணும். படம் எப்பிடி எண்டு அவை போர்ட்ஃபோலியோவில பாப்பினம். சேர் சொல்ல வேண்டியது பனங்கொட்டை சொன்ன நாளுக்கு வேலை முடிக்கிற ஆளோ, பிழை சொன்னாத் திருத்துற ஆளோ எண்டதை. என்ர பிழை வேற. மிஸ்ஸின்ர ஜிமெயிலைக் குடுத்திட்டன், அவை கம்பஸ் மெயில்தான் வேணும் எண்டு திருப்பிக் கேட்டு, அதுக்குப் போன லிங்க் ஸ்பாமுக்குள்ள கிடந்திருக்கு. திகதிக்கு முதல்நாள் பின்னேரம் மிஸ்ஸுக்குப் பக்கத்தில நிண்டு தேடி எடுத்தன். லிங்க் அனுப்பின அண்டே "வந்திட்டோ மிஸ்" எண்டு கேட்டிருக்கோணும்.

வாழைப்பொத்தி
ஜீஎஸ் தாற நற்சான்றிதழ் காணாதோ? தம்பிக்கு வேலைக்கு அதுதான் குடுத்தனாங்கள்.

மழைக்கோட்டு
அது ஆள் ஊரில நல்ல பிள்ளை எண்டதுக்கு அக்கா. இது வேற.

கிடுகு
என்ர சேர் "நீயே எழுதிக் கொண்டு வா, சைன் வைக்கிறன்" எண்டிட்டார். எழுதினன். என்னையே "மிகத் திறமையான மாணவி" எண்டு அடிக்க கை வரேல்ல. ரெண்டு ரெஃபரிக்கும் நானே எழுதினபடியா ரெண்டு கடிதமும் ஒரே ஆளின்ர குரல் மாதிரிக் கிடந்தது. இடம் கிடைக்கேல்ல, அதாலதானோ தெரியாது.

பனங்கொட்டை
கிடுகு, அப்பிடிச் சொன்னா பொயிண்ட்ஸ் மட்டும் குடுத்திருக்கலாமே.

கிடுகு
குடுத்தனான். அதைத்தான் அப்பிடியே சைன் வைச்சுத் தந்தவர்.