புதுப்பிப்பு: 33.75 நிறுவனம் எப்படி வந்தது?

முதலில் கேட்டது: "தேவை Q = 1000 − 25P. ஒவ்வொரு நிறுவனத்தின் செலவு C = 100 + 4q + q². இப்போது 30 நிறுவனங்கள். நீண்டகாலத்தில் எத்தனை? எனக்கு 33.75 வருகிறது, எங்கே தப்பு?"

தப்பு கிடைத்துவிட்டது. 30 நிறுவனங்களுக்கான குறுகியகால விலை 26.50, அதிலேயே தேவையைக் கணக்கிட்டு, வந்த 337.5-ஐ 10-ஆல் வகுத்திருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் டியூஷன் எடுக்கும் அக்காதான் பிடித்தார்: "லாபம் இருக்கும்வரை ஆட்கள் நுழைவார்கள் தம்பி, அந்த விலை நிற்காது."

சராசரிச் செலவு 100/q + 4 + q. இது மிகக் குறைவது q = 10-இல், அப்போது 24. விலை அங்கேதான் நிற்கும். தேவை 1000 − 600 = 400, ஆக 40 நிறுவனங்கள்.

லாபம் பூஜ்யமானால் கடையை மூடுவார்கள் என்றார் நண்பர். நுழைவு நிற்கும் என்பது சரி, மூடுவது சரியில்லை. முதலாளியின் சம்பளமும் அந்தச் செலவுக்குள் இருக்கிறதே!

தேவை 1005 − 25P என்றால் 40.5 வருகிறது. 41 பேர் இருந்தால் விலை ஏறக்குறைய 23.89, எல்லோருக்கும் நட்டம். அதனால் 40 பேர், விலை 24.11, சின்ன லாபம்.

பினாங்கில் நாசி லெமாக் கடை போட்டிருக்கும் அண்ணன், "எங்கள் வரிசையில் கடை கூடினாலே வாடகை ஏறுதே" என்றார். அப்படியானால் 24 என்பதே நகரும். அந்தக் கணக்கை இன்னும் போடவில்லை.