பழைய 325 வாட் பேனலோடு புது 540 வாட்டைச் சேர்க்கலாமா?

கூரைமேல்: 2018-ல் மாடியில் 325 வாட் பாலி பேனல் ஒன்பது போட்டோம். எல்லாம் ஒரே வரிசையில் சீரீஸ். பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்று அப்போதே 5 கிலோவாட் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டேன். இப்போது ஏசி வந்ததால் இன்னும் நான்கு பேனல் போட நினைக்கிறேன். கடையில் 540 வாட் மோனோதான் இருக்கிறது. அதே வரிசையின் கடைசியில் மாட்டிவிடலாம் என்கிறார் வயரிங் செய்பவர். சரிதானா?

பேனல்கடை: வேண்டாம் சார். சீரீஸில் எது சின்னதோ அதன் அளவுக்குத்தான் எல்லாம் ஓடும். 540 வாட் பேனலுக்குக் காசு கொடுத்து 325 வாட்தான் கிடைக்கும். பழையதும் சூடாகி எரிந்துபோகும். புதுசும் பழசும் கலக்கவே கூடாது. நான் யாருக்கும் செய்து தருவதில்லை.

தோட்டத்துவீடு: கலக்கவே கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் தோட்டத்து அறையில் 12 வோல்ட் பேட்டரிக்கு 100 வாட் பேனல் இருந்தது. அப்புறம் 160 வாட் ஒன்று வாங்கி அதோடு சேர்த்தேன். இரண்டும் முழுசாகக் கொடுக்கின்றன, எதுவும் எரியவில்லை. தைரியமாக மாட்டுங்கள்.

மின்தச்சன்: தோட்டத்துவீடு அண்ணா, உங்களுடையது பேரலல். 100 வாட்டும் 160 வாட்டும் ஓடுவது ஏறக்குறைய 18 வோல்ட்டில்தான். வோல்டேஜ் ஒன்றாக இருந்தால் பேரலலில் கரண்ட் வேறாக இருக்கலாம், அதது தன் பங்கைக் கொடுக்கும். இவருடையது சீரீஸ். அங்கே கரண்ட் ஒன்றாக இருக்க வேண்டும், வோல்டேஜ் எவ்வளவு வேறுபட்டாலும் பரவாயில்லை. வாட்டை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. அந்தக் காலத்து 325 வாட் பாலி சுமார் 8.7 ஆம்பியரில் ஓடும். 540 வாட் மோனோவுக்கு 13 ஆம்பியர் வேண்டும். ஒரே வரிசையில் போட்டால் புதியதும் 8.7-க்கு இறங்கிவிடும். ஆனால் அதன் வோல்டேஜ் குறையாது, 41.5-லிருந்து 45 பக்கம் ஏறும். அதனால் கிடைப்பது 325 அல்ல, 390 வாட்டை ஒட்டி வரும். நான்கிலும் சேர்த்து 600 வாட் நஷ்டம். பெரிய நஷ்டம்தான், ஆனால் எதுவும் எரியாது. இன்வெர்ட்டர் 13 ஆம்பியருக்குப் போனால் பழைய ஒன்பதும் பைபாஸ் டயோடு வழியாக விலகி, நான்கு பேனலின் 2,160 வாட் மட்டும் மிஞ்சும். 8.7-ல் நின்றால் 4,400 வாட்டுக்கு மேல். எங்கே நிற்பது என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

கூரைமேல் சார், உங்கள் இன்வெர்ட்டரின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிகபட்ச டிசி வோல்டேஜ், எம்பிபிடி, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனியாக ஓட்டும் உள்ளீடு, எத்தனை, ஒன்றுக்கு எவ்வளவு ஆம்பியர் என்பதைப் பார்த்துப் போடுங்கள்.

கூரைமேல்: அதிகபட்சம் 550 வோல்ட். எம்பிபிடி இரண்டு, வேலை செய்யும் எல்லை 90 முதல் 520 வோல்ட். ஒன்றுக்கு 12.5 ஆம்பியர், ஷார்ட் சர்க்யூட் 15 ஆம்பியர். இரண்டாவது எம்பிபிடி காலியாகத்தான் இருக்கிறது.

மின்தச்சன்: அப்படியானால் வயரிங்காரர் சொன்னதைச் செய்யவே செய்யாதீர்கள். காரணம் அந்த 600 வாட் இல்லை. லோடு இல்லாமல் திறந்து வைத்தால் பழைய பேனல் ஒன்றில் 45.8 வோல்ட் நிற்கும். ஒன்பதுக்கு 412. புதியது ஒன்றுக்கு 49.5, நான்குக்கு 198. மொத்தம் 610 வோல்ட். காலையில் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்குவதற்கு முன்னாலும், கரண்ட் போய் அது நின்ற நேரத்திலும் இந்த 610 அப்படியே உள்ளே போய் நிற்கும். 550 தாங்கும் இன்வெர்ட்டரின் உள்ளே கெப்பாசிட்டர் போகும், பவர் போர்டு போகும், வாரண்டியும் கிடைக்காது.

இரண்டாவது எம்பிபிடி காலியாக இருப்பது நல்லதாயிற்று. பழைய ஒன்பதையும் தொடாதீர்கள். புதிய நான்கைத் தனி வரிசையாக, தனி டிசி எம்சிபி வைத்து அங்கே கொண்டுபோங்கள். ஓடும்போது நான்குக்கும் சேர்த்து 166 வோல்ட். சித்திரை வெயிலில் செல் 65 டிகிரி போனால் 142 பக்கம் இறங்கும், 90-க்கு மேலேதான் நிற்கிறது. ஷார்ட் சர்க்யூட் கரண்ட் 13.9, எல்லை 15. அதுவும் சரி. 13 ஆம்பியர் கொடுக்கும் பேனலை 12.5-ல் நிறுத்துவதால் உச்சி வெயிலில் மட்டும் கொஞ்சம் போகும், அதை விட்டுவிடலாம்.

பேனல்கடை: எல்லார் வீட்டிலும் இரண்டு எம்பிபிடி இருக்காது. 3 கிலோவாட் இன்வெர்ட்டர் பலதில் ஒன்றுதான். அங்கே என்ன செய்வீர்கள்? பேரலல் என்பீர்கள். ஓடும்போது 337 வோல்ட் வரும் பழைய ஒன்பதையும் 166 வோல்ட் வரும் புதிய நான்கையும் பேரலல் போட முடியுமா?

மின்தச்சன்: முடியாது. நான்கு பேனல் திறந்த நிலையிலேயே 198 வோல்ட்தான், பழைய வரிசை தன் கரண்டை அதற்குள் தள்ளிவிடும். எட்டுப் புதிய பேனல் என்றால் 332 வோல்ட், அது பழைய 337-ஓடு பொருந்தும். ஆனால் ஆம்பியர் 21-ஐத் தாண்டுகிறது, சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. அந்த வீட்டுக்குப் புதியதற்கென்று தனியாக ஒரு சின்ன இன்வெர்ட்டர்தான் வழி.

பவானிக்கரை: ஏழு வருஷப் பேனலை வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு கணக்கு? விற்றுவிட்டுப் புதிதாகப் பத்து போட்டால் முடிந்தது. இன்னொன்று, நெட் மீட்டருக்கு அனுமதி 3 கிலோவாட்டுக்குத்தானே வாங்கியிருப்பீர்கள்? கூட்டுவதற்கு மின்வாரியத்தில் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். அதை யாரும் சொல்லவில்லை.

மின்தச்சன்: விண்ணப்பம் கட்டாயம், சரியாகச் சொன்னீர்கள். விற்பதுதான் எனக்குச் சம்மதமில்லை. நல்ல பேனல் வருஷத்துக்கு அரை சதவீதம், முக்கால் சதவீதம்தான் இழக்கும். இவருடையவை இன்னும் ஒவ்வொன்றும் 300 வாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். ஊகிக்க வேண்டாம், அளந்து பார்க்கலாம். முதலில் டிசி எம்சிபியை அணைக்க வேண்டும். ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் ஆர்க் அடிக்கும், அதை உங்கள் எலக்ட்ரீஷியனே செய்யட்டும். அப்புறம் ஒவ்வொரு பேனலையும் தனியாக ஷார்ட் செய்து, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பார்க்க வேண்டும். தெளிந்த வானம், துடைத்த கண்ணாடி, எல்லாம் ஒரே நேரத்தில். மீட்டர் காட்டும் எண்ணைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதான் முக்கியம்.

கூரைமேல்: இன்று மதியம் எலக்ட்ரீஷியனை வைத்து அளந்தேன். எட்டு பேனல் 8.3-லிருந்து 8.5 ஆம்பியர். ஒன்று மட்டும் 7.1. அதன் பின்பக்கத்தில் வெள்ளைத் தாள் வெடித்திருக்கிறது. போன மழைக்காலத்தில் இன்வெர்ட்டர் அடிக்கடி இன்சுலேஷன் ஃபால்ட் காட்டியது இதனால்தானோ?

மின்தச்சன்: பெரும்பாலும் அதுதான். வெடிப்பு வழியாக ஈரம் இறங்கி ஃபிரேமுக்குக் கசியும். அதை இறக்கிவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு 540 போட்டாலும் தப்பில்லை. திறந்த வோல்டேஜ் 416 தான் வரும். பக்கத்துப் பேனல்களின் கரண்டுக்கு இறங்கி அது 380, 390 வாட் கொடுக்கும். பெரிய பேனல் சின்ன வரிசைக்கு வருவதால் யாருக்கும் கெடுதல் இல்லை.

பேனல்கடை: இதைத்தானே முதலில் கூடாது என்றோம்! 2.28 மீட்டர் நீளப் பேனல் பழைய 1.96 மீட்டர் ஸ்டாண்டில் எப்படி உட்காரும்? கிளாம்ப் தப்பான இடத்தில் பிடித்தால் ஆடிக் காற்றில் கண்ணாடி விரியும். எட்டோடு விட்டுவிடுங்கள் சார். 300 வோல்ட் தாராளமாகப் போதும். கெட்டுப்போன ஒன்றை எடுத்ததும் எட்டுமே முழுசாகக் கொடுக்கும்.

மின்தச்சன்: ஸ்டாண்டு விஷயத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் எட்டோடு நின்றால் வரிசையில் கூடுதலாக எதுவும் வந்துவிடாது, இத்தனை நாளும் டயோடு வழியாக எட்டுதான் ஓடியிருக்கும். தண்டவாளத்தை நீட்டி வெல்டு வைக்க ஆகும் செலவைக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்.

தோட்டத்துவீடு: அந்த 7.1 பேனலை எனக்குக் கொடுத்துவிடுங்களேன், தோட்டத்து பேட்டரிக்குப் போட்டுக்கொள்கிறேன்.

மின்தச்சன்: அண்ணா, அது 37 வோல்ட் பேனல், அதுவும் தாள் வெடித்தது. உங்கள் 18 வோல்ட் பேனல்களோடு பேரலல் போட்டால் பாதிக்கு மேல் வீண். வேண்டாம்.