புதுப்பிப்பு: ஓ.ஆர்.எஸ். அனிமேஷனில் ஒரு லிட்டரைக் காட்டுவது

“ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்னு படிக்கத் தெரியாதவங்களுக்கு எப்படிப் புரியவைக்கிறது?” வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். தூளைக் கலக்கும் முறையைக் காட்டும் எங்கள் அனிமேஷனுக்காக முன்பு இங்கே கேட்டது இது.

பதில் தந்த செவிலியர் அக்கா சொன்னபடி, அளவுக்குக் காட்டிய சொம்பை எடுத்துவிட்டோம். அதன் அளவு வீட்டுக்கு வீடு மாறும். இப்போது கடைத் தண்ணீர் பாட்டில், ஒரு லிட்டர். அதைப் பாத்திரத்தில் முழுக்க ஊற்றி, பாக்கெட் மொத்தத்தையும் கொட்டுகிற கை மட்டும் திரையில். கொட்டி முடியும்வரை குரல் காத்திருக்கும்.

“தம்ளரில் கலப்பதைக் காட்டிச் சிவப்புப் பெருக்கல் குறி போடுங்க” என்றார் ஒரு தம்பி. தம்ளரில் கலந்தால் உப்பு மிஞ்சிக் குழந்தைக்கு ஆபத்து, அது சரிதான். ஆனால் குறி புரியாதவர் அதையே செய்முறையாக எடுத்துக்கொள்வார். அதனால் குரலில் மட்டும் எச்சரிக்கை.

இன்னொருவர் தன் மகனுக்கு ஜூஸ் தரலாமா என்றார். அதிகச் சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கூட்டும், வேண்டாம்.

24 மணி நேரத்துக்குப் பின் மீதிக் கரைசலைக் கொட்டுவதை எப்படிக் காட்டுவது? சூரியன் மறைந்து உதிப்பது போதுமா?