எம்ஓயூவில் நோக்கமும் வரம்பும் எழுதிப் பட்டவர்கள் சொல்லுங்கள்

பேட்டை வாத்தியார்

கல்லூரிக்கும் வெளி அமைப்புக்கும் எம்ஓயூ, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம், எழுதியவர்கள், நோக்கம், வரம்பு என்ற அந்த இரண்டு பத்திகளால் என்ன பட்டீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

நான் வேதியியல் துறை. 2022இல் ஆற்றுக்காக வேலை செய்யும் ஒரு டிரஸ்ட்டோடு ஒப்பந்தம் போட்டோம். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வரப்போகிறது, ரெண்டு நாளில் எழுதிக்கொடு என்றார்கள், நானும் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து பெயரை மட்டும் மாற்றினேன். நோக்கம் இப்படி இருந்தது:

"தாமிரபரணியைப் பாதுகாக்கும் பொருட்டு, நீர்ப் பரிசோதனை, விழிப்புணர்வு மற்றும் இரு தரப்பும் அவ்வப்போது ஒப்புக்கொள்ளும் இதர பணிகளில் இணைந்து செயல்படுதல்."

வரம்பு என்று கீழே இன்னொரு பத்தி. அதில் இதையே வேறு சொல்லில் எழுதியிருந்தேன். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது, யாரும் ஒரு வரியைத் திருத்தவில்லை.

நாலு மாதத்தில் கலர் பாட்டிலிலும் எண்ணெய் கேனிலும் வீட்டு போர் தண்ணீர் லேப் வாசலுக்கு வர ஆரம்பித்தது. மறுக்க முடியவில்லை, "நீர்ப் பரிசோதனை" என்று நாமே எழுதியிருக்கிறோம். அதுகூடப் பரவாயில்லை. ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில், ஆற்றில் கலக்கும் ஒரு சாக்கடை பற்றி டிரஸ்ட் மனு கொடுத்தது, எங்கள் கல்லூரி லெட்டர்பேடில் இருந்த ரிசல்ட்டைப் பின் இணைத்து. கல்லூரி முதல்வருக்கு எங்கிருந்தெல்லாமோ போன். எங்கள் லேப் அங்கீகாரம் பெற்ற லேப் கிடையாது, மாணவர்கள் பயிற்சிக்காக எடுத்த அளவுகள் அவை. கோபமாக எம்ஓயூவைப் புரட்டினால் "பாதுகாக்கும் பொருட்டு" என்று இருக்கிறது. மனு கொடுப்பதும் பாதுகாப்பதுதானே? அவர்கள் மேல் தப்பே இல்லை.

டவுன் ரதவீதி

அண்ணாச்சி, இதுக்கு ஏன் இவ்வளவு கவலை? எம்ஓயூ கோர்ட்டில் செல்லாது, அது வெறும் மரியாதைக் காகிதம். என்ன வேண்டுமானாலும் எழுதலாம். நாங்கள் வருஷத்துக்கு பத்து போடுகிறோம், போட்டோ எடுத்து மாட்டிவிடுவதோடு சரி.

பாளை வக்கீல் குமாஸ்தா

பாதி சரி. பெரும்பாலான எம்ஓயூக்கள் கட்டுப்படுத்தும் எண்ணத்தில் எழுதப்படுவதில்லை. ஆனால் தலைப்பில் புரிந்துணர்வு என்று இருப்பதாலேயே செல்லாது என்று ஆகிவிடாது, உள்ளே என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். "தரப்பு ஒன்று மாதம் இவ்வளவு தரும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டால் அது ஒப்பந்தம் மாதிரிதான் பேசும். இன்னொரு பக்கம், 1872 ஒப்பந்தச் சட்டம் 29ஆம் பிரிவுப்படி பொருள் நிச்சயமில்லாத ஒப்பந்தம் செல்லாது. உங்கள் "இதர பணிகள்" கோர்ட்டில் நிற்காது, லேப் வாசலில் மட்டும் நிற்கும்.

வாத்தியாரே, நீங்கள் சறுக்கியது நோக்கத்தில். வரம்பில் ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் வந்தால் எது என்று நோக்கத்தை வைத்துத்தான் படிப்பார்கள். ஆற்றைப் பாதுகாப்பது டிரஸ்ட்டின் நோக்கம். கல்லூரியின் நோக்கம் அது இல்லை, மாணவனுக்குக் களப்பயிற்சி, அப்புறம் ஒரு வருஷ அளவுப் பதிவு. ரெண்டு பேருக்கும் பொதுவாக இருப்பதை மட்டும் எழுதியிருக்க வேண்டும்.

மேலப்பாளையம் 11

ஐயா, நானும் போன மாசம் கடைக்கு 11 மாத அக்ரிமெண்ட் போட்டேன், அதில் நோக்கம் என்று ஒன்றுமே எழுதவில்லை. செல்லுமா?

பாளை வக்கீல் குமாஸ்தா

அது வாடகை, வேற விஷயம். ஆனால் என்ன வியாபாரத்துக்குக் கடை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நாளைக்கு அடுப்பு வைத்தால் அங்கேதான் சண்டை வரும்.

பேட்டை வாத்தியார்

குமாஸ்தா சொன்னதைத்தான் நாங்கள் அடிபட்டுச் செய்தோம். 2023இல் டிரஸ்ட் ஆட்களோடு லேபிலேயே உட்கார்ந்து திருத்தினோம். இப்போது நோக்கம்:

"பாபநாசம் முதல் சீவலப்பேரி வரை தாமிரபரணியின் எட்டு இடங்களில் நீரின் தன்மை ஓர் ஆண்டில் மாறுவதைப் பதிவு செய்தல், அதன் வழியே முதுகலை மாணவர்களுக்குக் களப்பயிற்சி அளித்தல்."

வரம்பு எழுத மூன்று மாலை ஆயிற்று, ஏனென்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. எட்டு இடம், மாதம் ஒரு முறை, ஆக 96 மாதிரி. யார் எடுப்பது? டிரஸ்ட் ஆள் எடுக்கலாம் என்றுதான் முதலில் எழுதினோம், ஆனால் கரைந்த ஆக்சிஜனுக்கு ஆற்றங்கரையிலேயே ரசாயனம் விட்டு நிலைப்படுத்த வேண்டும், கோலிஃபார்ம் பாக்டீரியாவுக்குக் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே லேபுக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் எடுப்பது மாணவர், வண்டியும் ஐஸ் பெட்டியும் டிரஸ்ட் என்று பிரித்தோம்.

அதற்குக் கீழே "இவை இந்த ஒப்பந்தத்தில் சேராதவை" என்று தனியாக எழுதினோம்: வீட்டுக் கிணறு, போர் தண்ணீர், குடிக்கலாம் என்ற சான்று, ஆலைக் கழிவு. ரிசல்ட்டை மனுவிலோ வழக்கிலோ பத்திரிகையிலோ சேர்க்க முதல்வரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். இந்த நாலு வரிதான் எங்களைக் காப்பாற்றியது. டிரஸ்ட் தலைவர் முகம் சுண்டினாலும் ஒத்துக்கொண்டார்.

அம்பை அக்கா

நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள், ஒரு சின்ன அமைப்பு நடத்துகிறோம். உங்கள் "சேராதவை" வாசிக்கும்போது வயிறு எரிகிறது தம்பி. எங்களுக்கும் ஒரு கல்லூரியோடு இதே மாதிரி கச்சிதமான எம்ஓயூ இருந்தது, மாதம் ஒரு நாள், அஞ்சு இடம், ஆற்று நீர் மட்டும். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு கிணறெல்லாம் சேறு. சனம் குடிக்கலாமா என்று கேட்டு நிற்கிறது. லேபில் பிள்ளைகள் தயார், ரசாயனம் இருக்கிறது. ஆனால் மேலே இருந்து பதில், "கிணறு எம்ஓயூவில் இல்லை, திருத்தம் போட்டுக் கொண்டு வாருங்கள்." திருத்தம் கையெழுத்தாகி வரும்போது பொங்கல் முடிந்துவிட்டது. அகலமாக எழுதினால் உங்களுக்குக் கஷ்டம், ஒடுக்கி எழுதினால் எங்களுக்குக் கஷ்டம்.

டவுன் ரதவீதி

இதைத்தான் நானும் சொன்னேன், "உள்ளிட்ட, ஆனால் அவற்றோடு நில்லாத" என்று ஒரு வரி போட்டால் முடிந்தது.

பாளை வக்கீல் குமாஸ்தா

அந்த வரி போட்டால் வாத்தியாரின் பழைய கதைதான் திரும்ப வரும். அக்கா சொல்வதற்கு வேறு வழி உண்டு. நோக்கத்தை ஒப்பந்தத்தின் உடம்பில் வையுங்கள், அதை எளிதில் மாற்றக் கூடாது. எந்த இடம், எத்தனை மாதிரி, என்ன அளவு என்பதை இணைப்பு அ என்று பின்னால் தள்ளுங்கள். "இணைப்பு அ-வை இரு தரப்பு ஒருங்கிணைப்பாளர்களும் எழுத்தில் ஒப்புக்கொண்டு மாற்றலாம்; மாற்றம் நோக்கத்துக்குள் அடங்க வேண்டும்" என்று உடம்பில் ஒரு வரி. அப்போது கிணற்றுக்கு ஒரு கடிதம் போதும்.

அம்பை அக்கா

நோக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்கிறீர்கள். "ஆற்றின் எட்டு இடங்கள்" என்பது நோக்கத்திலேயே இருக்கிறதே, கிணறு எப்படி அடங்கும்?

பேட்டை வாத்தியார்

அக்கா பிடித்துவிட்டார். எட்டு என்ற எண்ணும் இடப்பெயரும் நோக்கத்தில் இருக்கவே கூடாது, அதை இணைப்புக்கு இறக்கியிருக்க வேண்டும். "தாமிரபரணிப் படுகையில் நீரின் தன்மை" என்று மாற்றினால் கிணறும் உள்ளே வரும், ஆனால் கலர் பாட்டிலும் திரும்ப வருமோ என்று பயமாக இருக்கிறது. "சேராதவை" பட்டியலை இணைப்பில் வைப்பதா உடம்பில் வைப்பதா? அதை மாற்ற ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து போதும் என்றால் முதல்வர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பாளை வக்கீல் குமாஸ்தா

சான்று, மனு, வழக்கு மூன்றும் உடம்பில். கிணறு, போர் இணைப்பில். என் யோசனை இது, எங்கள் வக்கீல் வேறு மாதிரி சொல்வார்.

மேலப்பாளையம் 11

பார்த்தேன் ஐயா, "வியாபாரத்துக்கு" என்று மட்டும்தான் இருக்கிறது. பக்கத்துக் கடையில் டீ போட ஆரம்பித்துவிட்டார்கள்.